கனவில் பேசும் கைக்குழந்தை: அது யாருடைய குரல்?

பிறந்து சில மணி நேரமே ஆன சிசு கண்ணைத் திறந்து தெளிவாக ஒரு வாக்கியம் பேசுகிறது. இரண்டு மாதக் குழந்தை ஒன்று பெரியவர்கள் யாரும் சொல்லாத ஒரு விஷயத்தை நிதானமாக எடுத்துச் சொல்கிறது. இப்படிப்பட்ட கனவுகள் உலகெங்கும் பலருக்கு வருகின்றன. கர்ப்பிணிகளுக்கும் அண்மையில் பிரசவித்தவர்களுக்கும் அதிகம் வருகின்றன. அதே சமயம் பிள்ளைப்பேற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆண்களுக்கும், முதியவர்களுக்கும், திருமணமாகாதவர்களுக்கும் வருவதுண்டு. கண்டவர் எழுந்த பிறகும் நாள்கணக்கில் மறக்காத கனவு வகைகளில் இதுவும் ஒன்று.

விழித்திருக்கும் உலகில் இது நடக்க வழியே இல்லை. பிறந்த குழந்தையின் குரல்வளை தொண்டையில் மிக மேலே இருக்கிறது. பால் குடிக்கும்போதே மூச்சு விட அது வசதியான அமைப்பு. சொற்களை உருவாக்க ஏற்றதல்ல. சுமார் இரண்டு மாதத்தில் ‘ஊ’, ‘ஆ’ என்ற ஒலிகள் வரும். ஆறு மாதத்தை ஒட்டி ‘பபபா’, ‘மமமா’ என்று மழலை தொடங்கும். பொருள் தெரிந்து சொல்லும் முதல் சொல் வர ஏறக்குறைய ஒரு வயதாகும். கனவோ இந்த ஓராண்டையும் ஒரே நொடியில் தாண்டிவிடுகிறது. அதைவிட வியப்பு, கனவு காண்பவர் அந்த நேரத்தில் அதைப் பெரிய அதிசயமாக எண்ணுவதில்லை. குழந்தை பேசுகிறது, அவர் பதில் சொல்கிறார். திகைப்பெல்லாம் பெரும்பாலும் விழித்த பிறகுதான்.

உறக்கத்தில் என்ன நடக்கிறது?

இத்தகைய விரிவான, கதைபோல ஓடும் கனவுகள் பெரும்பாலும் உறக்கத்தின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் வருகின்றன. மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் வேகமாக அசையும் அந்தக் கட்டத்தை ஆங்கில முதலெழுத்துகளால் ‘ரெம்’ உறக்கம் என்பார்கள். சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை அது வந்துபோகும். விடியலை நெருங்க நெருங்க அதன் நீளம் கூடும். அதனால்தான் மறக்க முடியாத கனவுகள் பலவும் அதிகாலையில் வருகின்றன.

அந்த நேரத்தில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதிகள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. ‘இது பொருந்துகிறதா, இப்படி நடக்குமா’ என்று சரிபார்க்கும் முன்மூளையின் மேற்பக்கப் பகுதிகளோ தணிந்திருக்கின்றன. ஆகவே ஒன்றோடொன்று சேராத இரண்டு விஷயங்கள் ஒரே உருவத்தில் ஒட்டிக்கொள்ள முடிகிறது: உடல் சிசுவினுடையது, பேச்சு பெரியவருடையது. கனவு ஆய்வாளர்கள் கனவுகளின் விசித்திரத்தை வகைப்படுத்தும்போது இப்படிப்பட்ட பொருந்தாச் சேர்க்கையைத் தனி வகையாகவே வைக்கிறார்கள்.

கனவில் ஆள் அடையாளம் தெரிவதிலும் ஒரு தனித்தன்மை உண்டு. முகத்தைப் பார்த்து இன்னார் என்று அறிவதற்குப் பதிலாக, ‘இது என் குழந்தை’ என்ற உறுதி முதலிலேயே வந்துவிடுகிறது. முகம் அதற்கு ஒத்துப்போக வேண்டியதில்லை. கனவில் பேசிய குழந்தைக்குப் பல் இருந்தது, தலை நரைத்திருந்தது, நான்கு வயதுப் பிள்ளைபோல நடந்தது என்றெல்லாம் சொல்பவர்கள், அது பிறந்த குழந்தைதான் என்பதில் மட்டும் சந்தேகமே கொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

சொற்கள் எங்கிருந்து வருகின்றன?

கனவில் கேட்கும் பேச்சைப் பற்றி முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் வியன்னாவின் சிக்மண்ட் பிராய்ட். 1900 என்று ஆண்டு பொறித்து வெளிவந்த கனவு விளக்க நூலில் அவர் ஒரு விதியை முன்வைத்தார்: கனவு புதிதாகப் பேச்சை உருவாக்குவதில்லை, விழிப்பில் கேட்ட அல்லது பேசிய சொற்களை வெட்டி ஒட்டிப் பயன்படுத்துகிறது. பின்னாளில் இந்த விதிக்கு விதிவிலக்குகள் பல சுட்டப்பட்டன. கனவில் இதுவரை கேட்டிராத, இலக்கணப் பிழையற்ற புது வாக்கியங்களும் வருகின்றன. ஆனாலும் அழுத்தமாக மனதில் நிற்கும் கனவு வாக்கியங்களைத் துருவிப் பார்க்க அவர் காட்டிய வழி இன்னும் பயன்படுகிறது.

அந்த நூலிலேயே இதற்கு ஒரு துயரமான எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு தந்தை நோயுற்ற தன் குழந்தையின் படுக்கையருகே பல இரவும் பகலும் கண்விழித்திருந்தார். குழந்தை இறந்துவிட்டது. உடலைச் சுற்றி உயரமான மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன. காவலுக்கு ஒரு முதியவரை அமர்த்திவிட்டு, கதவைத் திறந்தே வைத்து, அடுத்த அறையில் போய்ப் படுத்தார் தந்தை. சில மணி நேரம் உறங்கியதும் கனவு வந்தது. குழந்தை கட்டிலருகே நின்றது. அவர் கையைப் பிடித்தது. தான் எரிவது அப்பாவுக்குத் தெரியவில்லையா என்று மெல்லிய குரலில் கடிந்துகொண்டது. விழித்தவருக்கு அடுத்த அறையில் பெரும் வெளிச்சம் தெரிந்தது. ஓடிப் பார்த்தால், முதியவர் தூங்கிவிட்டிருக்கிறார். மெழுகுவர்த்தி ஒன்று சாய்ந்து, துணியும் குழந்தையின் ஒரு கையும் கருகியிருந்தன.

கேட்டவுடன் இதை அமானுஷ்யச் செய்தியாகக் கொள்ளத் தோன்றும். பிராய்ட் அதைப் படிப்படியாகப் பிரித்தார். திறந்த கதவு வழியே வந்த வெளிச்சம் உறங்குபவரின் மூடிய கண்ணில் பட்டிருக்கிறது. விழித்திருந்தால் எந்த முடிவுக்கு வந்திருப்பாரோ, அதே முடிவுக்கு உறக்கத்திலும் வந்துவிட்டார்: ஏதோ பற்றிக்கொண்டுவிட்டது. முதியவரால் விழித்திருக்க முடியுமா என்ற கவலையோடுதான் அவர் படுக்கப் போயிருக்கவும் கூடும். பேசிய சொற்களோ இரண்டு துண்டுகளின் ஒட்டு. எரிகிறது என்ற முறையீடு, கடைசி நாள் காய்ச்சலில் குழந்தை சொன்னதாக இருக்கலாம். அப்பாவுக்குத் தெரியவில்லையா என்ற கேள்வி, நமக்குத் தெரியாத வேறொரு உணர்ச்சிமிகுந்த தருணத்திலிருந்து வந்திருக்கலாம். இவ்வளவும் உடனே எழுப்பப் போதுமான காரணங்கள். அப்படியிருந்தும் அவர் உடனே எழாமல் கனவு கண்டது ஏன்? அந்தச் சில நொடிகள் குழந்தை உயிரோடு இருந்தது, பேசியது. தந்தையின் மனம் அதை விட்டுவிட விரும்பவில்லை என்பது பிராய்டின் விடை.

கனவில் குழந்தை எவ்வளவு ‘அறியாததை’ சொன்னாலும், முதலில் பார்க்க வேண்டியவை மூன்று என்பது இந்த எடுத்துக்காட்டிலிருந்து தெரியும்: உறங்குபவரின் புலன்களில் அப்போது என்ன பட்டது, படுக்கும்போது அவர் மனதில் எந்தக் கவலை இருந்தது, அந்தச் சொற்களை இதற்கு முன் யார் எப்போது சொன்னார்கள்.

கர்ப்பகாலமும் பேறுகாலமும்

கர்ப்பிணிகளுக்குக் கனவு கூடுதலாக வருவதுபோலத் தோன்றுவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. வயிற்றின் பாரம், சிறுநீர் முட்டுவது, முதுகுவலி ஆகியவற்றால் இரவில் பலமுறை விழிக்கிறார்கள். கனவின் நடுவிலோ முடிவிலோ விழிப்பவருக்குத்தான் கனவு நினைவில் நிற்கும். உள்ளடக்கமும் கர்ப்பத்தோடு சேர்ந்து மாறுகிறது. கடைசி மாதங்களில் குழந்தை நேரடியாகக் கனவில் வரத் தொடங்குகிறது. வலியில்லாமல் பிறந்த குழந்தை, பிறந்தவுடன் நடக்கும் குழந்தை, கையளவே உள்ள குழந்தை, பேசும் குழந்தை ஆகியவை கர்ப்பிணிகள் சொல்லும் கனவுகளில் அடிக்கடி தென்படும் உருவங்கள். முகம் பார்த்திராத, குரல் கேட்டிராத, ஆனால் நாள் முழுக்க எண்ணத்தில் இருக்கும் ஓர் ஆளுக்குக் கனவு உருவம் தரவேண்டியிருக்கிறது. கைவசம் இருக்கும் குரல்களையும் முகங்களையும் கொண்டுதான் அதைச் செய்ய முடியும்.

பிரசவத்துக்குப் பின் கனவின் தொனி மாறுகிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் டோரே நீல்சன், டைனா பாக்கெட் ஆகியோர் 273 பெண்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குழந்தை வரும் கனவுகள் கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வந்தன. ஆனால் குழந்தைக்கு ஆபத்து நேர்வதாகக் கண்டவர்கள் கர்ப்பிணிகளில் 42 சதவீதம்; பிரசவித்தவர்களில் 73 சதவீதம். கனவிலிருந்து விழித்ததும் எழுந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியதாகப் பிரசவித்தவர்களில் 60 சதவீதம் பேர் சொன்னார்கள். போர்வைக்குள் குழந்தை சிக்கிக்கொண்டதாக எண்ணிப் படுக்கையைத் துழாவியவர்களும் உண்டு. குழந்தையோ பத்திரமாகத் தொட்டிலில் இருந்திருக்கும்.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் பேசும் சிசுவின் கனவு எந்த இடத்தைத் தொடுகிறது என்பது புரியும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் முதல் கஷ்டமே அது என்ன வேண்டி அழுகிறது என்று தெரியாததுதான். பசியா, வயிற்றுவலியா, ஈரமா, காய்ச்சலா? கனவில் குழந்தை வாயைத் திறந்து சொல்லிவிடுகிறது. அது ஆறுதலாகவும் இருக்கலாம், குற்றச்சாட்டாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பேசுவது தாயின் கவலையே.

ஒரு மாதிரிக் கனவை எடுத்துப் பார்க்கலாம். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கும் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு இப்படிக் கனவு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: வலியே இல்லாமல் குழந்தை பிறந்துவிட்டது. கையில் வாங்கியதும் அது அவர் முகத்தைப் பார்த்து, “கேஸ அணைச்சியாடி?” என்று கேட்கிறது. பதில் சொல்லத் தெரியாமல் அவர் விழிக்கிறார், நெஞ்சு படபடக்கிறது.

ஒரு சிசுவின் வாயில் இந்த வாக்கியம் வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் ‘-டி’ என்ற அந்த விகுதி குரலின் சொந்தக்காரரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. குழந்தை தன் தாயை அப்படிக் கூப்பிடாது. அந்த வீட்டில் அவரை அப்படிக் கூப்பிடுபவர் அவருடைய அம்மா. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் அவர் கேட்கும் கேள்வி இது. முந்தைய நாள் ஸ்கேன் எடுக்கப் போகும்போதும் கேட்டிருக்கிறார். சொற்களின் மூலம் கிடைத்துவிட்டது. அடுத்தது உணர்ச்சி: கனவில் அவருக்கு வந்தது சிரிப்பு அல்ல, தான் எதையோ மறந்துவிட்டோம் என்ற பயம். இதுவரை ஞாபகப்படுத்த அம்மா இருந்தார்; இனி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவர் தானே. குழந்தை கேட்ட கேள்விக்குள் இருப்பது இந்த இடமாற்றம். இதற்கு மேல் அந்தக் கனவைத் துருவ அவசியமில்லை. கேஸ் கசியப்போகிறது என்றோ, குழந்தைக்கு முற்பிறவி நினைவு இருக்கிறது என்றோ கொள்ள அதில் எதுவும் இல்லை.

ஞானக்குழந்தை என்ற பழைய அச்சு

சொற்கள் வீட்டிலிருந்து வரலாம். ‘குழந்தை பேசினால் அது சாதாரணப் பேச்சாக இருக்காது’ என்ற எதிர்பார்ப்போ மரபிலிருந்து வருகிறது. சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதில் ஞானப்பால் உண்டு பதிகம் பாடிய சம்பந்தர், சுவாமிமலையில் தந்தைக்கே பிரணவப் பொருள் உரைத்த முருகன் ஆகியோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் தமிழர்கள். குர்ஆனின் மர்யம் அத்தியாயத்தில், தாய்மீது ஊரார் பழி சொல்லும்போது தொட்டில் குழந்தையான ஈசா நபி பேசுகிறார். பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கர்கள், உழுத சாலிலிருந்து எழுந்த டேஜஸ் என்ற சிறுவன் தங்களுக்குக் குறி பார்க்கும் கலையைக் கற்பித்ததாக நம்பினார்கள். அவனுக்குக் குழந்தையின் உருவம், முதியவரின் அறிவு. ரோமானியப் பேச்சாளர் சிசரோ இந்தக் கதையைப் பதிவு செய்து, அதைக் கேலியும் செய்திருக்கிறார்.

இந்தக் கதைகளில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. பெரியவர்கள் கைபிசைந்து நிற்கும் இடத்தில், அல்லது அவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டிய இடத்தில்தான் குழந்தை வாயைத் திறக்கிறது. கனவிலும் அப்படித்தான். வேலை மாற்றம், பிரிவு, இழப்பு, முடிவெடுக்க முடியாத ஒரு குழப்பம் என்று கைவசமுள்ள அறிவு போதாத காலத்தில் இந்த உருவம் வருவதைக் கனவுகளோடு பழகிய மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

இதை விரிவாக எழுதியவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங். குழந்தை உருவத்தைப் பற்றி 1940-இல் அவர் எழுதிய கட்டுரை, ஹங்கேரியப் புராண அறிஞர் கார்ல் கெரேனியின் எழுத்தோடு சேர்ந்து வெளியானது. கனவில் வரும் அதிசயக் குழந்தையை நிஜக் குழந்தையின் பிரதியாகக் கொள்ளக்கூடாது என்பது அவர் கருத்து. கனவு காண்பவருக்குள் இன்னும் வளர்ந்து வராத, ஆனால் வரவிருக்கும் ஏதோ ஒன்றின் உருவம் அது. பார்வைக்குச் சிறியது, எளிதில் கைவிடப்படக்கூடியது. ஆனால் பெரியவர்களைவிட வலிமையானது. இது யுங்கின் விளக்கமே தவிர, சோதனைச்சாலையில் நிறுவப்பட்ட உண்மை அல்ல. ஒரே உருவத்துக்கு எல்லாருக்கும் ஒரே பொருள் என்ற பக்கம் இது எளிதில் சாய்ந்துவிடும் என்பதே இதன் முக்கியக் குறை.

யுங்குக்கே அப்படி ஒரு கனவு வந்தது. 1912 கிறிஸ்துமஸ் சமயம். பிராய்டோடு இருந்த நட்பு முறியும் தறுவாயில் இருந்த காலம். கனவில் அவர் இத்தாலிய பாணி மாடம் ஒன்றில் பொன் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். எதிரே மரகதம் போன்ற பச்சைக் கல் மேசை. அதைச் சுற்றி அவருடைய குழந்தைகள். புறா போன்ற ஒரு வெண்ணிறப் பறவை மேசையில் வந்து இறங்கி, பொன்னிற முடியுள்ள எட்டு வயதுச் சிறுமியாக மாறுகிறது. சிறுமி மற்றக் குழந்தைகளோடு ஓடி விளையாடிவிட்டு வந்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். உடனே மறைந்து, மீண்டும் புறாவாகி, மனிதக் குரலில் மெதுவாகப் பேசுகிறாள். இரவின் முதல் மணி நேரங்களில் மட்டுமே தன்னால் மனித உருவெடுக்க முடியும், அப்போது ஆண் புறா பன்னிரண்டு இறந்தவர்களோடு வேலையாக இருக்கும் என்கிறாள். பிறகு பறந்துபோகிறாள்.

யுங் இதை எப்படிக் கையாண்டார் என்பது கவனிக்கத்தக்கது. பச்சை மேசையைப் பார்த்ததும் ரசவாதிகளின் புகழ்பெற்ற மரகதப் பலகை அவர் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு என்ற எண்ணுக்கு இயேசுவின் சீடர்களையும், மாதங்களையும், ராசிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. அந்தச் சிறுமியின் வயதுதான் அப்போது அவருடைய மூத்த மகளுக்கும். ஆனால் அதுவும் புதிரை அவிழ்க்கப் போதாது. கடைசியில், தன் மனதின் ஆழத்தில் வழக்கத்துக்கு மாறான அசைவு ஏதோ நடக்கிறது என்பதை மட்டும் ஏற்றுக்கொண்டு, கனவுக்கு விளக்கம் இல்லை என்று விட்டுவிட்டார். கனவு விளக்கத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர், பொருந்தாத பொருளைத் திணிக்காமல் நிறுத்திக்கொண்டார். ஆழமான ஏதோ ஒன்று சொல்லப்பட்டது என்ற உணர்வைக் கனவு உண்டாக்கலாம். சொல்லப்பட்ட வாக்கியத்துக்கு அந்த ஆழம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

கனவைப் பிரித்துப் பார்க்கும் முறை

இத்தகைய கனவை ஆராய விரும்புபவர் செய்யவேண்டியது கொஞ்சம்தான், வரிசை முக்கியம். விழித்தவுடன், எழுந்து நடமாடுவதற்கு முன், குழந்தை சொன்ன வாக்கியத்தைச் சொன்னபடியே எழுதவேண்டும். ‘சாப்பிட்டியா’ என்றதா, ‘சாப்பிட்டீங்களா’ என்றதா, வட்டார வழக்கில் இருந்ததா, வேற்று மொழியா என்பதெல்லாம் முக்கியம். சில நிமிடங்களில் மனம் அந்த வாக்கியத்தைத் திருத்தி அழகாக்கிவிடும். அதன் பிறகு மூலத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

அடுத்து, அப்படிப் பேசுபவர் யார், அந்தச் சொற்களைக் கடைசியாக எங்கே கேட்டோம் என்று தேடவேண்டும். முந்தைய நாளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அனுபவங்கள் ஒன்றிரண்டு நாளில் கனவுக்குள் வருவது போலவே ஐந்து முதல் ஏழு நாள் கழித்தும் மீண்டும் தலைகாட்டுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒரு வார நிகழ்ச்சிகளைத் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு நுனி அகப்படும். மூன்றாவதாக, கனவில் ஏற்பட்ட உணர்ச்சியை, விழித்த பிறகு ஏற்பட்ட உணர்ச்சியிலிருந்து பிரித்து எழுதவேண்டும். கனவில் அமைதியாக இருந்துவிட்டு விழித்த பின் பயந்தவருக்கு, அந்தப் பயம் கனவிலிருந்து வந்ததல்ல. கனவைப் பற்றிக் கேள்விப்பட்ட பலன்களிலிருந்து வந்தது.

முன்னறிவிப்பு என்ற கோணத்தில் இக்கனவுகளுக்கு மதிப்பில்லை. ‘நான் பையன்’ என்று கனவுக் குழந்தை சொன்னால் அது சரியாக இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பலித்தவை பேசப்படுகின்றன, பலிக்காதவை மறக்கப்படுகின்றன. குழந்தைக்கு ஆபத்து என்று கனவு சொன்னதால் மட்டும் ஆபத்து வந்துவிடாது. அதே சமயம் விழித்திருக்கும்போது குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தெரிந்தால், கனவு வந்ததோ இல்லையோ, உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

கவனிக்கவேண்டிய எல்லை

பேசும் குழந்தைக் கனவு நோயின் அறிகுறி அல்ல. உறக்கத்திலிருந்து எழும் சில நொடிகளில் குழந்தை ஏதோ சொன்னதுபோலக் கேட்பதும், முழுதாக விழித்ததும் அது மறைவதும் தூக்கம் கெட்ட தாய்மார்களுக்கு நேரக்கூடியதே. அதே கனவு திரும்பத் திரும்ப வந்து, உறங்கவே பயமாக இருந்தால், அல்லது பகல் முழுக்க அழுகையும் சோர்வும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம்; மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

நன்றாக விழித்திருக்கும்போதே குழந்தை தன்னோடு பேசுகிறது, கட்டளையிடுகிறது என்று தாய் சொல்வது முற்றிலும் வேறு. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், கடுமையான பேறுகால மனநோய் ஏற்படுகிறது. தூக்கமே இல்லாதபோதும் களைப்பில்லாமல் இருப்பது, தொடர்பற்ற பேச்சு, வீட்டார்மீது திடீர்ச் சந்தேகம், குழந்தை தெய்வ அம்சம் அல்லது தீய சக்தி என்ற அசைக்க முடியாத நம்பிக்கை ஆகியவை அதன் அடையாளங்கள். இதை அருள் வந்ததாகவோ திருஷ்டியாகவோ எண்ணி நாள் கடத்தினால் தாயின் உயிருக்கும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்; அதுவரை தாயையும் குழந்தையையும் தனியே விடக்கூடாது. மத்திய அரசின் டெலி மனாஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைத்து வழிகாட்டுதல் பெறலாம். உரிய சிகிச்சையில் பெரும்பாலோர் நன்கு குணமடைகிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தாயைக் குழந்தையோடு சேர்த்தே அனுமதித்துச் சிகிச்சை தரும் தனிப் பிரிவும் இருக்கிறது.